ஏழெட்டு மாசம் தூங்காம இருந்துட்டு திரும்ப தூங்க ஆரம்பிச்ச கதை

மேடவாக்கம் மாடி வீடு எழுதியது:

இங்க நெறைய பேர் தூக்கம் வரலைன்னு எழுதுறீங்க, நானும் அப்படி இருந்தவன்தான், அதனால என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் சாஃப்ட்வேர்ல பேக்எண்ட் வேலை, ஓஎம்ஆர்ல ஆபீஸ், கிளையண்ட் அமெரிக்கா. போன வருஷம் ஆகஸ்ட்ல பேமெண்ட் சர்வீஸ ஒரு டேட்டாபேஸ்லேருந்து இன்னொண்ணுக்கு மாத்துனோம். மூணு வாரம் தொடர்ந்து ஆன்-கால், நைட்டு ரெண்டு மணிக்கு அலர்ட், மூணரைக்கு அலர்ட், போன் அடிச்ச உடனே லேப்டாப்ப கட்டில்லயே தொறந்து லாக் பாக்குறது. மைக்ரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம், ஆனா ரெண்டு மணிக்கு முழிப்பு வர்றது மட்டும் நிக்கல. போன் அடிக்காமலே முழிப்பு வந்துச்சு. அப்புறம் படுத்தாலே தூக்கம் வரல.

அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் இத வளத்துவிட்டுச்சுன்னு இப்போ தெரியுது. தூக்கம் பத்தலையேன்னு பத்து மணிக்கே போய் படுக்க ஆரம்பிச்சேன். காலைல ஏழு வரைக்கும் கட்டில்லயே கெடப்பேன், ஞாயித்துக்கிழமைன்னா பத்து. பகல்ல சமாளிக்க அஞ்சரை மணிக்கு ஒரு ஃபில்டர் காபி. கைல வாட்ச் கட்டிக்கிட்டு காலைல எழுந்த உடனே தூக்க ஸ்கோர் பாப்பேன், 41-னு காட்டுனா அன்னிக்கு முழுக்க தலைவலி, அதுக்கு முன்னாடி இல்லாத தலைவலி. நவம்பர்ல கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் சொன்னாருன்னு சீட்டு இல்லாமலே ஒரு கடைல குளோனசெபாம் வாங்குனேன், அரை மாத்திரை. பத்து நாள் சொர்க்கம். அப்புறம் அரை பத்தல, ஒண்ணு. திடீர்னு நிறுத்திப் பாத்தேன், முன்னாடி இருந்தத விட மோசமா ரெண்டு நாள் சுத்தமா தூக்கமே இல்ல, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, திரும்ப எடுத்தேன்.

மார்ச் கடைசில அம்மா சொல்லித்தான் சைக்யாட்ரிஸ்ட்ட போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாருன்னு நெனச்சேன், அவர் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். கொறட்டை விடுவீங்களா, மூச்சு நின்னு எழுந்திருக்கீங்களா, வலிப்பு வந்திருக்கா, ரெண்டு மூணு நாள் தூங்காமலே ரொம்ப உற்சாகமா சுத்துன காலம் உண்டா, இதெல்லாம். தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அப்புறம் ரெண்டு வாரம் எதையும் மாத்தாம ஒரு நோட்டுல எழுதிட்டு வரச் சொன்னார், எப்ப படுத்தீங்க, சுமாரா எப்ப தூங்குனீங்க, நடுவுல எவ்வளவு முழிச்சீங்க, எப்ப எழுந்தீங்க. சுமாரா எழுதுனா போதும், மணி பாக்கவே கூடாது. வாட்ச கழட்டி அலமாரில வைக்கச் சொன்னார்.

நோட்ட பாத்து அவர் கூட்டிக் காட்டுனப்பதான் எனக்கு உறைச்சது. கட்டில்ல இருந்தது ஒன்பது மணி நேரம், தூங்குனது சராசரி அஞ்சு. மீதி நாலு மணி நேரம் தெனமும் கட்டில்ல படுத்துக்கிட்டு முழிச்சிருக்கவும் கவலைப்படவும் பழகிட்டு இருந்திருக்கேன். "தம்பி, நீங்க கட்டில ஆபீசாக்கிட்டீங்க"ன்னார். அலர்ட் வந்தது எல்லாம் அந்த கட்டில்லதானே.

வைத்தியம் நான் நெனச்சதுக்கு நேர் எதிர். இனிமே கட்டில்ல அஞ்சரை மணி நேரம்தான், ராத்திரி பன்னெண்டரைலேருந்து காலைல ஆறு. ஞாயிறானாலும் ஆறு. பகல்ல படுக்கக் கூடாது. பன்னெண்டரை ஆனாலும் கண்ணு சொக்குனாத்தான் போகணும். போய் ஒரு இருபது நிமிஷம் மாதிரி தோணியும் தூக்கம் வரலன்னா எழுந்து வேற ரூமுக்கு போயிடணும். அசதி வேற தூக்கம் வேறன்னு அவர் சொன்னது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், ஆனா மண்டை முழிச்சிருக்கும், அது அசதி. படிக்கிறப்ப ஒரே வரிய மூணு தடவ படிச்சா அது தூக்கம். மாத்திரைய தானா நிறுத்தக் கூடாதுன்னு கண்டிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கொறைக்க தனியா அட்டவணை கொடுத்தார். முதல் ரெண்டு வாரம் பைக் தொடக் கூடாதுன்னு அம்மாகிட்டயே சொல்லிவிட்டார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து என்ன பண்றது, போன் கூடாது, லேப்டாப் கூடாது. அப்போ ஏப்ரல், கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர்லேருந்து வருஷப் புளி வந்திருந்துச்சு, பத்து கிலோ. அம்மா பகல்ல ஓடு தட்டி வச்சிடுவாங்க. நான் ராத்திரி ஹால்ல சின்ன லைட்டப் போட்டு கீழ உக்காந்து, கத்தியால கீறி கொட்டைய எடுக்குறது, நார உரிக்கிறது. அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல, முடிக்கணும்னு அவசரமும் இல்ல. கண்ணு சொக்குனா கைய கழுவிட்டு போய் படுப்பேன். ஒரு ராத்திரில மூணு தடவ எழுந்து வந்து உக்காந்திருக்கேன்.

முதல் வாரம் ரொம்ப கஷ்டம். சராசரி நாலே கால் மணி நேரம்தான் தூங்கினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு பஸ்ல நின்னுக்கிட்டே கண்ணு செருகுது, ராத்திரி பத்துலேருந்து பன்னெண்டரை வரைக்கும் முழிச்சிருக்கிறது சித்திரவதை, அம்மா என்கூட தெரு முனை வரைக்கும் நடப்பாங்க. ஒம்போதாவது நாளோ பத்தாவது நாளோ, படுத்தது ஞாபகம் இருக்கு, அடுத்து அலாரம். நடுவுல ஒண்ணுமே இல்ல. பல் தேய்க்கிறப்ப அழுதுட்டேன்.

ரெண்டாவது வாரம் அஞ்சரைல நாலே முக்காலுக்கு மேல தூங்கியிருந்தேன். கட்டில்ல இருக்குற நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல தூங்குனா அடுத்த வாரம் பதினஞ்சு நிமிஷம் கூட்டிக்கலாம், அதான் கணக்கு. பன்னெண்டே கால், அப்புறம் பன்னெண்டு, அப்படி. அஞ்சாவது வாரம் ஒரு ராத்திரி மூணு மணிக்கு அலர்ட், எழுந்து ஒன்றரை மணி நேரம் வேலை, அடுத்த நாலு நாள் பழையபடி. பயந்துட்டேன். டாக்டர் நேரத்த கூட்டாம அப்படியே வச்சார், ரெண்டு வாரத்துல சரியாச்சு. அதுக்கப்புறம்தான் மேனேஜர்கிட்ட போய் விஷயத்த சொன்னேன், அவர் மூணு மாசத்துக்கு என்ன பகல் ஆன்-காலுக்கு மாத்துனார், கேட்டிருந்தா முன்னாடியே கெடச்சிருக்கும்.

இப்போ பதினொண்ணுலேருந்து ஆறு. ஆறேகால் மணி நேரம் மாதிரி தூங்குறேன், எட்டு வரல, அதுக்கு மேல கூட்டுனா முழிப்பு வருது, அதனால அவ்வளவுதான் எனக்குன்னு விட்டாச்சு. மாத்திரை ஜூன் நடுவுல முழுசா நின்னுச்சு. புளி நாலு கிலோ மிச்சம் இருந்துச்சு, "பாதில விட்டுட்டியே கண்ணு, யாரு முடிக்கிறது"ன்னு அம்மா ஒரு நாள் காலைல கேட்டாங்க, அப்போதான் எனக்கே தெரிஞ்சுது நான் ராத்திரி எழுந்து வந்து மூணு வாரமாச்சுன்னு.

---

கோவை சிறுவாணி:
ண்ணா நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுக்கு போய் இவ்வளவு கஷ்டப்படோணுமா, மெலட்டோனின் போட்டா போதுமே, அது உடம்புல இருக்கறதுதான, நான் லண்டன் போயிட்டு வந்தப்ப போட்டேன் ரெண்டு நாள்ல செட் ஆயிருச்சு. அப்புறம் சாயங்காலம் காபிய நிறுத்துங்க, அதுதாங்க காரணமா இருக்கும்.

வார்டு நம்பர் 9:
நான் சைக்யாட்ரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், பன்னெண்டு வருஷம். சிறுவாணி தம்பி, உங்களுக்கு வேலை செஞ்சது சரிதான், ஏன்னா உங்களுக்கு இருந்தது ஊர் நேரம் மாறுன பிரச்சனை, உடம்போட கடிகாரம் தள்ளிப் போனா மெலட்டோனின் உதவும். இவருக்கு கடிகாரம் கெடல, படுக்கைய பாத்தாலே முழிப்புன்னு பழகிப் போச்சு. காபி விஷயம் பாதி சரி, அஞ்சரைக்கு குடிச்சதுல பாதி ராத்திரி பத்து பதினொரு மணிக்கும் ரத்தத்துல இருக்கும், நிறுத்தணும்தான், ஆனா மாசக்கணக்குல ஆனவங்களுக்கு அத நிறுத்துறது மட்டும் போதாது. இவர் பண்ணது சிபிடி-ஐன்னு சொல்ற, தூக்கப் பழக்கத்தையும் அதப் பத்தின நெனப்பையும் மாத்துற முறையோட முக்கியமான பகுதி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி இததான் கொடுக்கணும்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-லயே சொல்லியாச்சு. நம்ம ஊர்ல இதுக்கு உக்காந்து நேரம் கொடுக்குறவங்க கம்மி.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், இத படிச்சிட்டு நீங்களா நேரத்த கொறைக்காதீங்க. டாக்டர் வலிப்பு பத்தியும் உற்சாகம் பத்தியும் கேட்டது சும்மா இல்ல, பைபோலார் இருக்கறவங்களுக்கும் வலிப்பு இருக்கறவங்களுக்கும் தூக்கத்த கொறைச்சா நோய் கிளம்பலாம். பொதுவா அஞ்சு மணி நேரத்துக்கு கீழ கொறைக்க மாட்டாங்க. தெனமும் போட்ட குளோனசெபாம திடீர்னு நிறுத்துனா சிலருக்கு வலிப்பே வரும்.

பாளையங்கோட்டை ராஜபாட்டை:
எனக்கும் இதே கததாம்ல ஆனா வேற. நானும் சாஃப்ட்வேர் வேலைதான் பாக்குதேன், மூணு வருஷமா பகல் முழுக்க தூங்கி விழுவேன், ராத்திரி நல்லாத்தான் தூங்குதேன்னு நெனச்சிட்டு இருந்தேன். வீட்டம்மாதான் "கொறட்டை விட்டுட்டு இருக்கும்போதே மூச்சு நிக்குது, பயமா இருக்கு"ன்னு வீடியோ எடுத்து காட்டுனா. டெஸ்ட்ல ஸ்லீப் ஆப்னியா. மூஞ்சில மாட்டுத மெஷின் கொடுத்தாவ, ஒரு மாசம் பழக கஷ்டமா இருந்துச்சு, இப்ப அது இல்லாம படுக்கதில்ல. யாராவது கொறட்டை விட்டா இந்த புளி வைத்தியத்த ஆரம்பிக்குததுக்கு முன்னால அத பாருங்க.

பல்லாவரம் கைக்குழந்தை:
எங்க குட்டிக்கு ஏழு மாசம், ராத்திரி ரெண்டு மணிக்கு கரெக்டா எழுந்துக்குறா, இந்த நோட்டு முறை குழந்தைக்கும் சரி வருமா அக்கா?

வார்டு நம்பர் 9:
இல்லமா, இது பெரியவங்களுக்கு. ஏழு மாசத்துல ராத்திரி எழுந்துக்குறது வியாதி இல்ல. குழந்தை டாக்டர்ட்ட கேளுங்க. அவ தூங்குறப்ப நீங்களும் தூங்குங்க.

சுழற்சி ஷிஃப்ட்:
அண்ணா, எனக்கு ஒரு வாரம் காலைல ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட்டு, மானிட்டரிங் டீம். "எல்லா நாளும் ஆறு மணிக்கு எழுந்திரு"ன்னா எனக்கு எப்படி? நைட்டு முடிச்சு வர்றப்ப வெயில் மண்டையப் பொளக்குது, வந்து படுத்தா பதினொரு மணிக்கு முழிப்பு.

மேடவாக்கம் மாடி வீடு:
தம்பி இதுக்கு எனக்கு பதில் தெரியல, நான் பகலுக்கு மாறுனதாலதான் என்னால எழுந்திரிக்கிற நேரத்த ஒரே மாதிரி வைக்க முடிஞ்சுது. நர்ஸ் அக்கா சொல்லுங்க.

வார்டு நம்பர் 9:
நானே நைட்டு டூட்டி பாக்குறவதான். வீடு திரும்புறப்ப கூலிங் கிளாஸ் போடுறேன், ஜன்னலுக்கு ரெண்டு அடுக்கு கெட்டி துணி, டூட்டில மூணு மணிக்கு மேல டீ இல்ல. இதனால முன்ன விட ஒரு மணி நேரம் கூடுதலா தூங்குறேன், ஆனா வாராவாரம் மாத்துனா உடம்பு எதுக்குமே பழகாது. மாத்தித்தான் ஆகணும்னா மாசத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொல்லி டீம்ல கேட்டுப் பாருங்க, நாங்க வார்டுல கேட்டோம், இன்னும் கொடுக்கல.

சுழற்சி ஷிஃப்ட்:
திங்கக்கிழமை கேக்குறேன் அக்கா. வந்து சொல்றேன்.