சொல் தேவை: செஷன் டைம்அவுட், ஆட்டோசேவ்

அமுதா

எல்லோருக்கும் வணக்கம். பணிப்பதிவு மென்பொருளின் தமிழாக்கத்தில் இரண்டு வரிகளில் தடுமாறி நிற்கிறேன். செஷன் டைம்அவுட் ஆனதும் "செயல்பாடு இல்லாததால் உங்கள் அமர்வு காலாவதியானது" என்று வருகிறது. ஆட்டோசேவ் ஆனதும் மூலையில் "தானாகச் சேமிக்கப்பட்டது" என்று வருகிறது.

போன வாரம் இதில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைய 14 வேலைகளையும் ஒரே படிவத்தில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டைப் புரட்டி எண்ணைத் தேடி அடிக்கிறார். 11 முடிந்ததும் எதற்கும் இருக்கட்டுமே என்று "அனுப்பு" அழுத்தினார். நுழைவுப் பக்கம் வந்து நின்றது. மேலே நம் வரி. "செயல்பாடு இல்லையா? இவ்வளவு நேரம் நான் என்ன செய்தேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. 10:14-க்குத் திறந்த படிவம், அழுத்தியது 10:41-க்கு. முந்தின நாள் 10:05-க்குத் திறந்து 10:37-க்கு அனுப்பியபோது ஒன்றும் ஆகவில்லையாம்.

சிவகுமார்

"அமர்வு" பழகிய சொல், அப்படியே இருக்கட்டும். "காலாவதி"யை மருந்து அட்டையிலேயே எல்லோரும் படித்திருக்கிறார்கள், அதையும் மாற்ற வேண்டாம். அவர் இடையில் கொஞ்ச நேரம் எழுந்து போயிருப்பார். தட்டச்சு செய்துகொண்டோ மவுஸை அசைத்துக்கொண்டோ இருந்தால் அமர்வு முடியாது. என் வங்கித் தளத்தில் அப்படித்தான் நடக்கிறது.

கதிர்

சிவா அண்ணா, சில தளங்களில் நீங்கள் சொல்வது நடக்கும். அங்கே பக்கத்தில் உள்ள ஒரு நிரல் மவுஸையும் விசைகளையும் கவனித்து, அவ்வப்போது சேவையகத்துக்குச் செய்தி அனுப்பும். நம் மென்பொருளில் அது கிடையாது. படிவத்தில் அடிக்கும் எழுத்தெல்லாம் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. "அனுப்பு" அழுத்தும்வரை சேவையகத்துக்கு ஒன்றும் போகாது. ஆகவே 27 நிமிடம் அடித்தவரும் 27 நிமிடம் டீ குடிக்கப் போனவரும் அதற்கு ஒன்றுதான்.

முந்தின நாள் 32 நிமிடம் தாங்கியது, அன்று 27 நிமிடத்தில் போனது ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நம் சேவையகம் உபுண்டுவில் ஓடும் பி.எச்.பி. அதில் `session.gc_maxlifetime` மாற்றப்படாமல் 1440 விநாடியாக, அதாவது 24 நிமிடமாக, இருக்கிறது. ஆனால் 24 ஆனதும் அந்த நொடியே அமர்வு அழிவதில்லை. ஒவ்வொரு மணியிலும் 9-ஆம் நிமிடமும் 39-ஆம் நிமிடமும் ஒரு துப்புரவு வேலை ஓடும். அப்போது 24 நிமிடத்துக்கு மேல் தொடப்படாத அமர்வுகளைக் கூட்டித் தள்ளும். 10:05-க்குத் திறந்தது 10:09-இல் 4 நிமிடப் பழசுதான், தப்பித்தது. அடுத்த துப்புரவு 10:39-க்கு. அவர் 10:37-க்கே அனுப்பிவிட்டார். 10:14-க்குத் திறந்ததோ 10:39-இல் 25 நிமிடப் பழசு. போய்விட்டது.

ஆகவே "செயல்பாடு இல்லாததால்" என்பது பொய். "காலாவதி"யும் எனக்கு ஒப்பவில்லை. அட்டையில் தேதி அச்சிட்டிருப்பதுபோல முன்கூட்டியே தெரிகிற விஷயம் இல்லை இது.

ஜெயராணி

நான் தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். இங்கே கரண்ட் போனால் பிள்ளைகள் பயப்படுவதே இல்லை. லிப்ரே ஆபிஸில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே சேமிக்கும்படி வைத்திருக்கிறேன். மறுபடி திறந்தால் "மீட்கவா" என்று கேட்கும். உங்கள் மென்பொருளிலும் அதை அமைப்பில் போட்டுவிட்டால் போதுமே? சொல்லுக்கு ஏன் இவ்வளவு யோசனை?

கதிர்

ஜெயராணி அக்கா, அது உங்கள் கணினியிலேயே இருக்கும் கோப்பு. இங்கே தகவல் வேறொரு கணினிக்குப் போக வேண்டும், கதை வேறு. ஆனாலும் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். லிப்ரே ஆபிஸ் 10 நிமிடத்துக்கு ஒரு முறை எழுதுவது உங்கள் கோப்பில் அல்ல, தனியே ஒரு மீட்புப் பிரதியில். மறுபடி திறக்கும்போது "மீட்கவா" என்று கேட்பது அதனால்தான். நம் ஆட்டோசேவும் வரைவைத்தான் வைக்கிறது, பதிவேட்டில் ஏற்றுவதில்லை. "சேமிக்கப்பட்டது" என்று படித்தவர் வேலை முடிந்தது என்று பக்கத்தை மூடிவிட்டுப் போவார். மேற்பார்வையாளர் பார்த்தால் பதிவு இருக்காது.

ஞானம்

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: கெடு. "பணம் கட்ட மூன்று நாள் கெடு", "கெடு முடிந்துவிட்டது" என்று பேச்சிலும் செய்தித்தாளிலும் இன்றும் புழங்குகிறது. ஒருவர் இன்னொருவருக்கு வைக்கும் கால எல்லை அது. சேவையகம் வைக்கும் எல்லைக்குப் பொருந்தும். டைம்அவுட் என்ற அமைப்புக்கு "அமர்வுக் கெடு". அது நிகழும்போது "அமர்வுக் கெடு முடிந்தது".

ஆட்டோசேவுக்கு "தானியங்கு சேமிப்பு" என்பதை விட்டு, "வரைவுக் காப்பு" என்று சொல்லிப் பார்க்கலாம். சேமிப்பு என்றதும் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டதுபோல ஒரு நிறைவு வந்துவிடுகிறது.

சிவகுமார்

தட்டச்சு பற்றி நான் சொன்னது தவறு, கதிர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "கெடு" வேண்டாம் ஐயா. "கெட்டுப்போ" என்பதுபோல ஒலிக்கிறது. வேலையைத் தொலைத்துவிட்டு நிற்கிறவரிடம் அந்தச் சொல்லைக் காட்டக் கூடாது. "வரைவுக் காப்பு" எனக்குப் பிடித்திருக்கிறது.

அமுதா

ஞானம் ஐயா, "கெடு" நிர்வாகிகள் பார்க்கும் அமைப்புப் பக்கத்தில் கச்சிதமாக உட்காருகிறது. "அமர்வுக் கெடு: 24 நிமிடம்" என்று போட்டால் யாருக்கும் விளங்கும். வேலை செய்கிறவர் பார்க்கும் அறிவிப்பில் பெயர்ச்சொல்லே இல்லாமல் எழுதிப் பார்த்தேன்:

"நீண்ட நேரமாகச் சேவையகத்துக்கு எதுவும் வரவில்லை. மீண்டும் நுழையுங்கள். நீங்கள் எழுதியது வரைவாக இருக்கிறது."

மூலையில் வரும் வரி: "வரைவு வைக்கப்பட்டது. இன்னும் அனுப்பவில்லை."

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஆட்டோசேவ் ஓடிக்கொண்டிருந்தால் சேவையகத்துக்குச் செய்தி போய்க்கொண்டேதானே இருக்கும்? அப்படியானால் அந்தப் பெண்ணின் அமர்வு ஏன் போனது?

கதிர்

சரியான கேள்வி. நேற்று சோதனைத் தளத்தில் பார்த்தேன். ஆட்டோசேவ் தலைப்புப் பெட்டிக்கு மட்டும்தான் இணைக்கப்பட்டிருக்கிறது, கீழே உள்ள வேலை வரிகளுக்கு இல்லை. தலைப்பை 10:14-க்கே அடித்துவிட்டார். அதற்கப்புறம் எந்தச் செய்தியும் போகவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். அமர்வை நானே அழித்துவிட்டுத் தலைப்பை மாற்றினேன். அப்போதும் "தானாகச் சேமிக்கப்பட்டது" என்றே வந்தது. F12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் பார்த்தால், வரைவு அனுப்பிய கோரிக்கைக்குப் பதிலாக வந்திருந்தது நுழைவுப் பக்கம். சேவையகம் அங்கே திருப்பிவிட, உலாவி தானே பின்தொடர்ந்து போய் 200 என்ற பதிலோடு திரும்ப, நம் நிரல் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டது. இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்:

```js
if (r.ok && !r.redirected) showDraftKept();
else keepLocally(form);
```

`keepLocally` உலாவியின் `localStorage`-இல் எழுதும். பொதுக் கணினியில் அடுத்தவர் உட்கார்ந்தால் அந்த வரைவை அவரும் பார்க்கலாம் என்பதால், வெளியேறும்போது அழிக்க வேண்டும். அழித்தால், அனுப்ப மறந்தவரின் வரைவும் போய்விடும். இதற்கு இன்னும் வழி தெரியவில்லை. அமுதா, "வரைவு இந்தக் கணினியில் மட்டும் இருக்கிறது" என்று மூன்றாவதாக ஒரு வரி வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லுங்கள். நுழைவுப் பக்கம் வந்துவிட்டால் அதிலேயே நுழைய வேண்டாம். முதலில் பின்செல் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும், பல உலாவிகளில் அடித்தது அப்படியே இருக்கும். அதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிவிட்டு, வேறு தாவலில் நுழைந்து புதுப் படிவத்தைத் திறந்து ஒட்டட்டும். பழைய படிவத்தையே அனுப்பினால், அதில் உள்ள பாதுகாப்புக் குறியீடு பழைய அமர்வுடையது என்று சேவையகம் நிராகரித்துவிடும்.

ஜெயராணி

நகலெடுப்பது சரி. 14 வரிக்கும் 14 பெட்டி என்றால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டுமே, கதிர்?

கதிர்

ஆமாம் அக்கா, ஒவ்வொன்றாகத்தான். அதனால் நிரல் சரியாகும்வரை ஐந்து வரிக்கு ஒரு முறை அனுப்பிவிட்டு மீண்டும் திறக்கச் சொல்லுங்கள், அமுதா.