விடுப்பில் இருப்பவரிடமிருந்து தானியங்கி பதில்: 18ஆம் தேதிக்குள் கையெழுத்து கிடைக்குமா?

மழைக்காகம்
திருத்திய ஒப்பந்தம் ஒன்றை வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேலாளருக்கு, செவ்வாய் 10ஆம் தேதி காலையில் அனுப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டு 18ஆம் தேதி புதன்கிழமைக்குள் திரும்ப வர வேண்டும். உடனே இந்தப் பதில் வந்தது:

"9ஆம் தேதி முதல் 13ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறேன். 16ஆம் தேதி திங்களன்று பணிக்குத் திரும்புவேன். இடையில் மின்னஞ்சலை அவ்வப்போது மட்டுமே பார்க்க இயலும். பணம் செலுத்துவது தொடர்பாக என் சக ஊழியரை அணுகவும். மற்றவற்றுக்குக் குழுவின் பொது முகவரிக்கு எழுதவும்."

சக ஊழியரின் முகவரி, பொது முகவரி இரண்டும் கீழே இருக்கின்றன. தொலைபேசி எண் இல்லை. "அவ்வப்போது" என்கிறாரே, அதை நம்பிக் காத்திருக்கலாமா? இல்லையென்றால் இருவரில் யாருக்கு எழுதுவது?

ஓலைப்பெட்டி
தலைப்பில் 'அவசரம்' என்று போட்டு இன்னொரு தடவை அனுப்புங்கள். இரண்டாவது மெயிலுக்குத் தானியங்கி பதில் வரவில்லையென்றால் மனிதர் இன்பாக்ஸைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம். மொபைலில் எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

தேன்சிட்டு77
அவுட்லுக்கில் இதை அமைப்பது சுலபம். தொடக்க நாள், முடிவு நாள் இரண்டையும் கொடுத்துவிட்டால் தானாகவே நின்றுவிடும். உங்கள் விடுப்பு எப்போது?

மழைக்காகம்
விடுப்பு எனக்கு இல்லைங்க, அவருக்கு 🙂

கோப்புக்காரர்
மொபைலில் பார்ப்பார் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டாவது பதில் வராததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவுட்லுக்கில் ஒரே ஆளுக்கு ஒரு முறைதான் அந்தப் பதில் போகும். ஜிமெயிலில் நான்கு நாள் கழித்து நீங்கள் மறுபடி எழுதினால் திரும்ப வரும். அவர் பார்த்தாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் பதிலும் சர்வர் தானாக அனுப்பியதுதான்.

இப்போது தேதிக்கு வருவோம். '13 வரை', '16 திரும்புவேன்' என்று இரண்டையும் எழுதியிருப்பது நல்லது. '16 வரை இல்லை' என்று மட்டும் இருந்தால் 16ஆம் தேதியும் விடுப்பா என்ற குழப்பம் வந்திருக்கும்; அந்த மாதிரி இடத்தில் அடுத்த வேலை நாளையே கணக்கில் எடுப்பேன். ஆனால் 16ஆம் தேதி திரும்புகிறார் என்றால் அன்றே பதில் வரும் என்று பொருளில்லை. ஒரு வார மெயில் குவிந்திருக்கும், காலையிலேயே கூட்டத்தில் உட்கார வைப்பார்கள். உங்கள் மெயில் அடியில் கிடக்கும். 17 மாலை அல்லது 18 என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். உங்கள் கெடுவும் 18. ஒப்பந்தத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டாரென்றால் முடிந்தது கதை. 'அவ்வப்போது' என்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள், பார்த்தால் லாபம்.

ஆகவே இன்றே எழுதுங்கள், பொது முகவரிக்கு. சக ஊழியர் பணம் செலுத்துவதற்கு மட்டும்தான். அவருக்கு எழுதினால் வேறு யாருக்காவது தள்ளிவிடுவார், அதில் ஒரு நாள் போகும். ஆனால் பொது முகவரியில் "கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். அதைத் திறப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. "அவர் இல்லாதபோது கையெழுத்திட யாருக்கு அதிகாரம்? யாரும் இல்லையென்றால் கெடுவை 20ஆம் தேதிக்கு மாற்ற யாரிடம் பேசுவது?" என்று கேளுங்கள். பழைய மெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்து "கீழே பார்க்கவும்" என்று விடுவதும் வேண்டாம். பலர் படிக்கும் முகவரி அது. பேரம் பேசியதெல்லாம் அதில் இருக்கும். ஒப்பந்தத்தின் பெயர், அனுப்பிய நாள், கெடு இவற்றைப் புதிதாக நான்கு வரியில் எழுதி, மேலாளரை நகலில் வையுங்கள். வேறொருவர் கையெழுத்திட்டுவிட்டால் திரும்பி வந்ததும் அவருக்கும் தெரியும்.

ஓலைப்பெட்டி
ஒரு ஆளுக்கு ஒரு முறை என்பது தெரியாது. ஆனாலும் 16ஆம் தேதி காலையில் ஒரு நினைவூட்டல் போட வேண்டாமா?

கோப்புக்காரர்
போடலாம். காலையில் வேண்டாம், மதியத்துக்கு மேல். குவியலைத் தள்ளிவிட்டு அவர் நிமிரும்போது உங்களுடையது மேலே இருக்கும்.

கல்வெட்டு
என் பிரச்சினை வேறு. எனக்கு வந்த தானியங்கி பதிலில் இருக்கும் திரும்பும் தேதி போன மாதமே முடிந்துவிட்டது. மாற்று ஆளின் பெயரும் இல்லை. என்ன செய்வது?

கோப்புக்காரர்
நிறுத்த மறந்திருக்கலாம், அல்லது வேலையை விட்டே போயிருக்கலாம். மெயிலை வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது, அலுவலகப் பொது எண்ணில் கேட்டுவிடுங்கள். நிறுவனத்துக்குள் ஒரு பதில், வெளியாருக்கு வேறு பதில் என்றும் வைக்க முடியும். மாற்று ஆளின் பெயர் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

மழைக்காகம்
பொது முகவரிக்கு எழுதினேன். "உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது" என்று அங்கிருந்தும் ஒரு தானியங்கி பதில் வந்திருக்கிறது, ஒரு எண்ணோடு. நாளை மதியம் வரை பார்க்கிறேன். அதற்குள் ஆள் யாரும் எழுதவில்லையென்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு சக ஊழியரிடமே கேட்கலாமா?