நாலு துண்டை ஒட்ட கிப்சனா, லைகேஷனா? கொஞ்சம் சொல்லுங்க

வணக்கமுங்க. கோவையில் மஞ்சள் செடியின் ஜீன் ஒன்றில் வேலை செய்கிறேன். 35எஸ் புரமோட்டர், ஜீன் (இதன் கடைசியில் ஜிஎஃப்பி சேர்த்தது), நாஸ் டெர்மினேட்டர் மூன்றையும் பைனரி வெக்டரில் ஏற்ற வேண்டும்.

பழைய வழியில் வெட்டி ஒட்டலாம் என்றால், வெக்டரில் தோதாக இருப்பது ஹிண்ட்-3, ஈகோ-ஆர்-1 தளங்கள்தான். ஜீனுக்குள்ளேயே ஒரு GAATTC இருப்பதால் ஈகோ-ஆர்-1 அதையும் நறுக்கிவிடும். கிப்சனில் அந்தக் கவலை இல்லை. வெக்டரை மட்டும் தனியாக வெட்டினால் போதும், துண்டுகள் பிசிஆரில் வருகின்றன.

அதனால் 20 பேஸ் ஓவர்லாப் வைத்து 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். காலனி வந்தது. ஆனால் துண்டு சேர்க்காத, வெக்டர் மட்டும் போட்ட தட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு காலனி! காலனி பிசிஆரிலும் எல்லாம் வெறும் வெக்டர்தான். வெட்டுப்படாத வெக்டர் மிச்சம் இருக்கிறது, ஜெல்லில் பிரித்தெடுத்தால் அது சரியாகிவிடும்.

என் சந்தேகம் நாஸ் இணைப்பில்தான். அந்த முனை முழுக்க ஏ, டி என்பதால் 20 பேஸ் 50 டிகிரியில் பிடித்து நிற்காது. துண்டும் சுமார் 250 பேஸ்தான், எக்ஸோநியூக்ளியேஸ் அரித்துவிட வாய்ப்பு அதிகம்.

ஓவர்லாப்பை 35 ஆக நீட்டி, நாஸை மட்டும் ஐந்து மடங்கு போட்டால் போதுமா? இல்லை, ஜீனையும் நாஸையும் முதலில் ஓவர்லாப் பிசிஆரில் ஒன்றாக்கிவிட்டு கிப்சன் செய்வதா? செய்து பார்த்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க.