சீட்டில் இரண்டு நேரங்கள்: கைஜோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குமரவேல், அஸ்தம்பட்டி, சேலம்:

நண்பர்களே, என் அண்ணனும் அண்ணியும் மகனைப் பார்க்க ஒசாகா போகிறார்கள். அவன் ஒரு கச்சேரிக்குச் சீட்டு வாங்கி, காகிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். அதில் இரண்டு நேரங்கள்: கைஜோ 17:00, கையென் 18:00. மொழிபெயர்ப்புச் செயலி இரண்டையுமே "திறப்பு" என்கிறது. 2ஆம் தளம், 6ஆம் வரிசை, 31, 32, மேற்கு வாயில் என்பதும் தெரிகிறது. கீழே பணம் திரும்பத் தரப்படாது என்று ஒரு வரி. அண்ணிக்குத் தமிழில் எழுதிக்கொடுக்க வேண்டும். முதல் நேரத்துக்கு "நுழைவு நேரம்" போடலாமா?

செந்தில், சூரமங்கலம்:

தாராளமாகப் போடலாம். ஐந்து மணிக்குள் நுழைந்துவிட வேண்டும், அவ்வளவுதான். போனில் படம் இருக்கிறதே, நம் ஊர் தியேட்டரில் காட்டுவது போல வாசலில் காட்டினால் விட்டுவிடுவார்கள்.

மீனாட்சி, ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர், ஃபேர்லேண்ட்ஸ்:

செந்தில் சார், "ஐந்து மணிக்குள்" என்று நீங்கள் படித்ததே அந்தச் சொல் சரியில்லை என்பதற்குச் சாட்சி. கைஜோ கெடு அல்ல; ஐந்துக்குக் கதவு திறக்கும், அப்புறம்தான் உள்ளே போகலாம். கையென் என்பது நிகழ்ச்சி தொடங்கும் நேரம். இரண்டு சொற்களுக்கும் முதல் எழுத்து ஒன்றே, திறப்பதைக் குறிப்பது. இரண்டாவது எழுத்துதான் வேறு. படம் மங்கினால் செயலி அதை விட்டுவிடும். அப்போது இரண்டு நேரங்களில் பிந்தியதையே தொடக்கம் என்று கொள்ளலாம். அதற்கும் தாமதமாகப் போனால், செவ்வியல் இசையாக இருந்தால் ஒரு உருப்படி முடியும்வரை வெளியே நிறுத்திவைப்பதுண்டு.

காகிதச் சீட்டுக்குப் படம் மாற்றாகாது. செயலியில் வரும் மின்சீட்டு வேறு வகை. கட்டம் கட்டமான குறியீடு இருந்தால், அதை மறைத்துவிட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நகலெடுத்து வேறொருவர் முந்திக்கொள்ளலாம்.

அண்ணிக்கு முழங்கால் வலி என்று முன்பு சொன்னீர்களே, தளத்தையும் கவனியுங்கள். அங்கே தரைத்தளமே 1ஆம் தளம். சீட்டில் 2 என்றால் நம் கணக்கில் முதல் மாடி.

ரோஸ்லின், ஏற்காடு:

என் மகனுக்கு டோக்கியோவில் நடந்தது இது. சீட்டில் 145 என்று இருந்ததாம். இருக்கை எண் என்று நினைத்துப் போனால் அந்த இடத்தில் நாற்காலியே கிடையாது! உங்கள் 31, 32ம் அப்படித்தான் இருக்குமோ?

மீனாட்சி:

இல்லை அம்மா. உங்கள் மகனுடையது செய்ரி பாங்கோ, நின்று பார்க்கும் சிறிய அரங்குகளில் தருவது. கதவு திறந்ததும் எண் வரிசைப்படி கூப்பிடுவார்கள். 145ஐக் கூப்பிடும்போது நீங்கள் இல்லாவிட்டால் முறை போய்விடும். அப்போது கைஜோதான் முக்கிய நேரம். இங்கே வரிசையும் எண்ணும் சேர்ந்து இருப்பதால் இது இருக்கைதான். ஐந்தரைக்குப் போனாலும் இடம் பறிபோகாது. செய்ரி பாங்கோவுக்கு "அழைப்பு எண்" என்று வைத்துக்கொள்ளலாம்.

குமரவேல்:

அப்படியானால் கைஜோவுக்கு "வாயில் திறப்பு"?

மீனாட்சி:

சீட்டிலேயே "மேற்கு வாயில்" இருக்கிறதே, குழம்பும். நேர் பொருள் "அரங்கத் திறப்பு". ஆனால் தமிழில் அது அமைச்சர் ரிப்பன் வெட்டும் விழாவாகிவிடும்.

ரோஸ்லின்:

தியேட்டர் வரிசையில் "உள்ளே விட்டாச்சா?" என்றுதானே கேட்போம். "உள்விடும் நேரம்" என்றால் என்ன?

செந்தில்:

கோயிலில் "நடை திறப்பு" என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. அதை விட்டுப் புதிதாக எதற்கு?

மீனாட்சி:

ரோஸ்லின் அம்மாவின் சொல்லுக்கே என் ஓட்டு. விடுகிறவர் அரங்கத்தார், அதற்கு முன் விடமாட்டார் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. "நடை திறப்பு" என்று பார்த்தால் அண்ணி பூக்கூடையோடு போய்விடுவார்.

செந்தில்:

நான் ஒப்பவில்லை, இருக்கட்டும். ஆனால் பணம் போனது போனதுதானே?

மீனாட்சி:

அந்த வரியின் முன்பாதி மடிப்பில் மறைந்திருக்கிறது. நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: "நிகழ்ச்சி ரத்தானால் அல்லது தள்ளிப்போனால் தவிர" என்று இருக்கிறது. ஆகவே நாம் போகாமல் இருந்தால் பணம் வராது; அவர்கள் நடத்தாவிட்டால் வரும். அதற்கு ஒரு கெடு அறிவிப்பார்கள். பெரும்பாலும் வாங்கிய கடைத்தொடரிலேயே காகிதத்தைக் கொடுக்க வேண்டும். சேவைக் கட்டணம் வராமல் போகலாம். நிகழ்ச்சி தள்ளிப்போய், அண்ணன் சீட்டைச் சேலத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் கஷ்டம். மகனிடமே இருக்கட்டும்.

குமரவேல்:

அண்ணிக்கு இப்படி எழுதுகிறேன்: "உள்விடும் நேரம் 5 மணி, தொடக்கம் 6 மணி, மேற்கு வாயில், ஒரு மாடி ஏற வேண்டும், 6ஆம் வரிசை 31, 32. காகிதச் சீட்டை மறக்க வேண்டாம்." ரீஃபண்டுக்கு "பணமீட்பு" என்றால் வங்கிக் கடன் வசூல் மாதிரி ஒலிக்கிறது. வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?