தராவீஹில் பாதியில் உட்கார்ந்தால் தொழுகை கூடுமா? தூணில் சாயலாமா?

முதல்_ரமலான்:
அஸ்ஸலாமு அலைக்கும். வயது 34, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. தராவீஹை முழுசாகத் தொழ முயல்வது இந்த வருடம்தான். எங்கள் பள்ளியில் 20 ரக்அத், ஒரு இரவுக்கு ஒரு ஜுஸ்வு ஓதுகிறார்கள். மூன்றாம் இரவு 14வது ரக்அத்தில் காது அடைத்து, கண் முன்னால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. தொழுகையை முறித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இப்படி வந்தால் உட்கார்ந்தே தொழலாமா, தூணில் சாயலாமா, இல்லை பழகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

முன்வரிசை:
வ அலைக்கும் ஸலாம். நிற்கத்தான் வேண்டும் தம்பி. உமர் (ரலி) காலத்தில் உபை இப்னு கஅப் (ரலி) தொழவைத்தபோது, நிற்கும் நேரம் நீண்டதால் மக்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள், ஃபஜ்ரு நெருங்கும்போதுதான் வீடு திரும்பினார்கள் என்று முவத்தாவில் இருக்கிறது. அவர்கள் உட்காரவில்லை. நமக்கு விரிப்பு, மின்விசிறி எல்லாம் இருந்தும் 34 வயதில் கால் வலிக்கிறதாம்! முதல் வாரம் அப்படித்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

எட்டே_போதும்:
20 தொழுவதால்தான் இந்தக் கஷ்டம். நபி (ஸல்) ரமலானிலும் மற்ற மாதங்களிலும் 11 ரக்அத்துக்கு மேல் தொழுததில்லை என்று ஆயிஷா (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. 8 தொழுதுவிட்டு வித்ரு தொழுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மதரஸா_பழசு:
அவர் எண்ணிக்கையைக் கேட்கவில்லை பாய், நிற்பதைக் கேட்டார். அந்தப் பழைய சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு ஜுஸ்வு என்பது மதீனா முஸ்ஹஃபில் ஏறக்குறைய 20 பக்கம். 20 ரக்அத்தாகப் பிரித்தால் ரக்அத்துக்கு ஒரு பக்கம். சற்று வேகமாக ஓதும் ஹாஃபிள் அதை இரண்டு நிமிடம் போல எடுப்பார். அதே ஜுஸ்வை 8 ரக்அத்தில் முடித்தால் ரக்அத்துக்கு இரண்டரைப் பக்கம். அதாவது ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கண் இருட்டுகிற ஆளுக்கு எது சுலபம்? மொத்த நேரத்தைவிட ருகூவுக்கும் ருகூவுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் காலைப் பிடிக்கும்.

முன்வரிசை சொன்ன கைத்தடிச் செய்தி உண்மை. ஆனால் அதோடு கயிற்றுச் செய்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நபி (ஸல்) பள்ளிக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்தது. ஸைனப் (ரலி) தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்றார்கள். நபி (ஸல்) அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும் வரை நின்று தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

தராவீஹ் ஃபர்ளு அல்ல. அதனால் உட்கார்ந்து தொழுதாலும் கூடும். காரணமில்லாமல் உட்கார்ந்தால் நின்று தொழுபவரின் கூலியில் பாதி. உண்மையில் முடியாமல் உட்கார்ந்தவருக்குக் கூலி குறையாது என்பதே ஆலிம்களின் விளக்கம். நீங்கள் தொழுகையை முறித்திருக்கத் தேவையில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, ருகூவுக்கு உட்கார்ந்தபடியே குனிந்து, ஸஜ்தாவை வழக்கம்போலத் தரையில் செய்திருக்கலாம். தெளிந்தால் அடுத்த ரக்அத்தில் எழுந்து நிற்கலாம்.

முன்வரிசை:
இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பின்வரிசை முழுக்க ஆட்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இமாம் ஒரு பக்கம் ஓதும் வரை கதை பேசிவிட்டு, ருகூவுக்குப் போகும்போது தக்பீர் கட்டிக்கொண்டு ஓடிவருகிறார்கள். இதுவும் சலுகையா?

மதரஸா_பழசு:
அது வேறு, இது வேறு. அவர்கள் தொழுகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். சோம்பலால் அப்படித் தாமதிப்பது வெறுக்கத்தக்கது என்றுதான் ஹனஃபி நூல்களில் இருக்கிறது, அதில் நான் உங்கள் கட்சி. இமாமோடு தக்பீர் கட்டி, தொழுகைக்குள்ளே உட்கார்ந்து குர்ஆனைக் கேட்பவரை அவர்களோடு சேர்க்காதீர்கள்.

இரவுப்பணி_நர்ஸ்:
மார்க்கம் நீங்கள் பேசுங்கள். அவர் எழுதிய அறிகுறியைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. காது அடைப்பது, கண்ணில் புள்ளி, இதோடு கொட்டாவியும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் அது கால்வலி இல்லை. மூளைக்கு ரத்தம் குறைகிறது, அடுத்து மயக்கம்தான். அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கச் சொல்வது தப்பு. விழும்போது கால் போவதில்லை, தலைதான் முதலில் அடிபடும்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது, ரத்தம் காலிலேயே தேங்கும். அதுவும் நோன்பு திறந்து வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் ரத்தத்தில் நிறைய வயிற்றுப் பக்கம் போயிருக்கும். பகல் முழுக்கத் தண்ணீரும் இல்லை. தம்பி, மூன்றாம் இரவு நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? முட்டியை விறைப்பாகப் பூட்டி நிற்கிற பழக்கம் உண்டா?

முதல்_ரமலான்:
கண்டுபிடித்துவிட்டீர்கள். அன்று ஒரு வீட்டில் விருந்து. முழுச் சாப்பாடு முடித்து நேராக இஷாவுக்குப் போனேன். தண்ணீர் இரண்டு டம்ளர் இருக்கலாம். முட்டியைப் பற்றி யோசித்ததே இல்லை, பார்க்கிறேன். அசைந்தால் தொழுகை முறிந்துவிடும் என்று பயந்து சிலை மாதிரித்தான் நிற்பேன். மூன்று அசைவுக்கு மேல் கூடாது என்பார்களே?

மதரஸா_பழசு:
ஷாஃபி மத்ஹபில் அந்தச் சட்டம் பெரிய அசைவு தொடர்ச்சியாக மூன்று வருவதைப் பற்றியது. காலை எடுத்து வைத்து நடப்பது மாதிரி. பாதம் தரையில் இருக்க, விரலை மடக்குவதும் பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுவதும் அதில் வராது. இரு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தொழுத ஒருவரைப் பார்த்து, பாரத்தை மாற்றி மாற்றி நின்றிருந்தால் நன்றாக இருக்குமே என்று இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னதாக நஸாயீயில் வருகிறது.

இரவுப்பணி_நர்ஸ்:
அப்படியானால் வழி சுலபம். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். முட்டியை ஒரு நூலிழை தளர்த்துங்கள், மடக்க வேண்டாம். ஓதல் நீளும்போது கால்விரல்களால் விரிப்பை அழுத்தி விடுங்கள், கெண்டைக்கால் இறுகித் தளர்வது உங்களுக்கே தெரியும். ஸஜ்தாவிலிருந்து துள்ளி எழாதீர்கள். நோன்பு திறக்கும்போது கொஞ்சமாகச் சாப்பிட்டு, பெரிய சாப்பாட்டைத் தராவீஹுக்குப் பிறகு வையுங்கள். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் பரப்பிக் குடியுங்கள். இவ்வளவு செய்தும் திரும்ப வந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

நாற்காலிக்காரர்:
எனக்கு 61 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மயக்கமெல்லாம் இல்லை, மடக்கத்தான் முடியாது. நாற்காலியில் தொழுகிறேன். போன வருடம் ஒருவர் வந்து, உங்கள் நாற்காலி ஸஃப்பைக் கெடுக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இரண்டு நாள் பள்ளிக்கே போகவில்லை. பின்கால்கள் ஸஃப்பின் கோட்டில் இருக்கும்படி போட்டால் தோள் நேராக வரும் என்று அப்புறம் எங்கள் இமாம் காட்டிக்கொடுத்தார். தம்பி, உங்களுக்கு நாற்காலி வேண்டாம். தரையில் உட்கார முடிகிறவர் தரையிலேயே உட்காருங்கள். நாற்காலியில் ஏறினால் ஸஜ்தா போய்விடும். அது போன பிறகுதான் அருமை தெரிகிறது.

எட்டே_போதும்:
சரி, பக்கக் கணக்கு எனக்குத் தோன்றியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பள்ளியில் 8 ரக்அத்தில் முழு ஜுஸ்வு ஓதுவதில்லை, அதனால் மொத்தமும் குறைவுதான். இன்னொன்று. 20 தொழும் பள்ளியில் 8 முடித்து ஒருவர் கிளம்பினால் என்ன குற்றம்?

மதரஸா_பழசு:
குற்றமில்லை. ஆனால் இமாம் முடிக்கும் வரை அவரோடு நின்றவருக்கு இரவு முழுக்க நின்ற கூலி எழுதப்படும் என்று திர்மிதியில் இருக்கிறது. அதைப் பார்த்தால் 8 நின்றுவிட்டுப் போவதைவிட, நடுவில் சிலவற்றை உட்கார்ந்து தொழுது கடைசி வரை இருப்பதே மேல் என்பது என் கருத்து. நீங்கள் ஏற்க வேண்டும் என்றில்லை.

தம்பிக்கு இரண்டு விஷயம். ஒன்று, இஷாவின் ஃபர்ளில் நிற்கச் சக்தி உள்ளவர் உட்காரக் கூடாது. நீங்கள் ஹனஃபி என்றால் வித்ரும் வாஜிப், அதையும் நின்றே தொழ வேண்டும். ஷாஃபிக்கு வித்ரு சுன்னத், உட்காரலாம். ஆகவே ஹனஃபியாக இருந்தால் கடைசி மூன்று ரக்அத்துக்குக் காலில் தெம்பை மிச்சம் வையுங்கள். இரண்டாவது, நபி (ஸல்) வயதான காலத்தில் உட்கார்ந்து ஓதி, 30, 40 வசனம் மிச்சமிருக்கும்போது எழுந்து நின்று ஓதி ருகூ செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். ஒரே ரக்அத்தில் பாதி உட்கார்ந்து பாதி நிற்கலாம் என்பதற்கு அதுவே ஆதாரம். தூணைக் கேட்டீர்கள். நஃபிலில் களைப்பால் சாய்ந்தால் தொழுகை கெடாது. ஃபர்ளில் மத்ஹபுக்கு மத்ஹபு மாறும், தவிர்த்துவிடுங்கள்.

முன்வரிசை:
மயக்கம் வந்தவர் உட்காரட்டும், அதில் எனக்குப் பேச்சில்லை. நான் முதலில் அதைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் வெறும் கால்வலிக்கு முதல் நாளிலேயே உட்காரத் திட்டம் போடுபவருக்குக் கைத்தடிச் செய்தியைத்தான் திரும்பச் சொல்வேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள், சரி. அதற்குப் பின் வந்த தலைமுறை கைத்தடி ஊன்றியதே, அதை யாரும் பிடுங்கவில்லையே?

மதரஸா_பழசு:
நல்ல கேள்வி. ஊன்றிக்கொள்வது அனுமதி, உட்காருவது அறிவுரை என்று நான் புரிந்துகொள்கிறேன். வேறு மாதிரிச் சொல்பவர்களும் உண்டு.

முதல்_ரமலான்:
ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். முட்டியை விறைத்துத்தான் நிற்கிறேன் என்பது கவனித்தபோதுதான் தெரிந்தது. சாப்பாட்டைப் பின்னுக்குத் தள்ளியதில்தான் பெரிய வித்தியாசம். நான்காம் இரவு 9லிருந்து 12 வரை நான்கு ரக்அத்தை உட்கார்ந்து தொழுதேன், மற்றதெல்லாம் நின்றேன். ஐந்தாம் இரவும் அதேதான். ஏழாம் இரவு அந்த நான்கிலும் முதல் பாதி உட்கார்ந்து, இமாம் பக்கத்தின் கடைசி வரிகளுக்கு வரும்போது எழுந்தேன். அதில் ஒரு சிக்கல்: எங்கே முடிப்பார் என்று தெரியாமல் இரண்டு தடவை ருகூவில் பின்தங்கிவிட்டேன். இப்போது அன்றைய ஜுஸ்வை அஸருக்குப் பிறகு ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன். நேற்று 20ம் வித்ரும் நின்றே முடிந்தது. குதிகால் மட்டும் காலையில் தரையில் வைத்ததும் குத்துகிறது.

இரவுப்பணி_நர்ஸ்:
காலையில் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் பாதத்தின் அடித் தசைநார்ப் பட்டை இறுக்கம்தான். ஸஹருக்கு எழுந்ததும் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் கால்விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துச் சற்று நேரம் பிடியுங்கள். பள்ளியில் விரிப்பு இல்லாத இடத்தில் நிற்காதீர்கள்.

நாற்காலிக்காரர்:
கடைசிப் பத்தில் எங்கள் பள்ளியில் கியாமுல்லைலும் உண்டு, ஒரு ரக்அத்தே பத்து நிமிடம் போகும். அப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?

முதல்_ரமலான்:
அதை நினைத்தால் இப்போதே குதிகால் குத்துகிறது பாய். முன்வரிசை காக்காவிடம் ஒரு கைத்தடி கடன் கேட்கலாம் என்று இருக்கிறேன்.