கரெக்டிவ் ஷேப்: ‘திருத்த வடிவம்’ பொருந்துமா?

காரைக்குடி, உருவமைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் வீடு ஒன்றைக் களமாகக் கொண்ட விளையாட்டுக்காக, ஓர் ஆச்சியின் முகத்தைப் பிளெண்டரில் செய்துவருகிறோம். பிளெண்ட் ஷேப்பைக் ‘கலவை வடிவம்’ என்றே எங்கள் குறிப்பேட்டில் எழுதுகிறோம். கரெக்டிவ் ஷேப்புக்குத்தான் சொல் அகப்படவில்லை. வாய் திறக்கும் வடிவமும் சிரிக்கும் வடிவமும் தனித்தனியே ஒழுங்காக இருக்கின்றன. இரண்டையும் முழு அளவில் சேர்த்தால் மட்டும் ஆச்சியின் கன்னம் வெற்றிலை அடக்கியதுபோல் உப்பிவிடுகிறது. அதைச் சீராக்க இடுகிற மூன்றாவது வடிவத்தை எப்படி அழைக்கலாம்?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

‘திருத்த வடிவம்’ என்பதே போதும். பிழையான முகத்தை நீக்கிவிட்டுச் சரியான முகத்தை அந்த இடத்தில் வைக்கிறீர்கள். விடைத்தாளில் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல்லை எழுதுவதும் இதுதானே?

பள்ளத்தூர், முக அசைவுப் பணியாளர்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, விளக்கம்தான் இடிக்கிறது. இங்கே எதையும் நீக்குவதில்லை, கூட்ட மட்டுமே செய்கிறோம். கடைவாயில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு அதை வெளிப்பக்கம் 6 மி.மீ., மேலே 4 மி.மீ. நகர்த்துகிறது. வாய் திறப்பு அதை உட்பக்கம் 2, கீழே 5 நகர்த்துகிறது. கூட்டினால் வெளியே 4, கீழே 1. நாம் செதுக்க விரும்பும் இடமோ வெளியே 3, கீழே 3. ஆகவே மூன்றாவது வடிவத்தில் சேமிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே: உள்ளே 1, கீழே 2.

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். நானும் ஒருமுறை ஒரு வாரத்தைத் தொலைத்தேன். இரண்டு வடிவங்களையும் முழுதாக ஏற்றி `New Shape from Mix` கொடுத்துச் செதுக்கினால், கிடைப்பது முழு முகம். அதை அப்படியே சேர்த்தால் அந்தப் புள்ளி வெளியே 7, கீழே 4 என்று போய், அசைவு இரட்டிப்பானதுபோல் கடைவாய் காதை நோக்கி ஓடும். எனவே எடிட் மோடில் எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்தெடுத்து, `Blend from Shape` வழியாக, `Add` இயக்கத்தில், சிரிப்பையும் வாய் திறப்பையும் தலா -1 அளவில் கலந்து கழிக்க வேண்டும்.

மேலும், தனி வடிவங்கள் இரண்டிலும் பிழையே இல்லை. அவை சேரும்போதுதான் மாற்றம் தேவைப்படுகிறது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகர மெய் கெடுகிறது; அதனால் ‘மரம்’ பிழையான சொல் ஆகிவிடாது. ஆகவே ‘சந்தி வடிவம்’ என்று முன்மொழிகிறேன்.

புதுக்கோட்டை, மாணவர்

அண்ணா, எனக்கும் இதே சிக்கல்தான். யூனிட்டிக்கு அனுப்பினால் ஒரு வடிவம்கூட வருவதில்லை. சந்தி வடிவம் போட்டால் வந்துவிடுமா?

பள்ளத்தூர், முக அசைவுப் பணியாளர்

தம்பி, அது வேறு சிக்கல். மெஷ்ஷில் மிரர் போன்ற மாடிஃபையர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்பிஎக்ஸ் ஏற்றுமதியில் `Apply Modifiers` இயங்கினால் ஷேப் கீக்கள், அதாவது நம் கலவை வடிவங்கள், விடுபட்டுவிடும்.

காரைக்குடி நண்பருக்கு ஏற்றுமதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஃப்பிஎக்ஸ் கோப்பு வடிவத்தைக் கொண்டுபோகும். ‘இரண்டின் பெருக்கலே இதன் அளவு’ என்று நீங்கள் பிளெண்டர் டிரைவரில் எழுதிய விதியைக் கொண்டுபோகாது. பிளெண்டரில் திருத்தம் வேலை செய்து, யூனிட்டியில் கன்னம் மீண்டும் உப்பினால் காரணம் பெரும்பாலும் இதுதான். விதியை அங்கே மறுபடி எழுதுங்கள். பிளெண்டரில் அளவு 0 முதல் 1 வரை. யூனிட்டியில் 0 முதல் 100 வரை.

```
w = (jaw / 100f) * (smile / 100f) * 100f;
```

வகுக்காமல் பெருக்கினால், இரண்டும் பாதி திறந்த நிலையில் 25க்குப் பதிலாக 2500 கிடைத்து முகம் சிதறிவிடும்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கூட்டல் என்பதை இப்போது ஏற்கிறேன். மரவேர் எடுத்துக்காட்டு என்னை வீழ்த்திவிட்டது. ஆயினும் ‘சந்தி வடிவம்’ என்றால் பொதுமக்கள் முச்சந்தியைத்தான் நினைப்பார்கள். ‘புணர்ச்சி வடிவம்’ இலக்கணப்படி இன்னும் துல்லியமானது. வகுப்பில் சொன்னால் என்ன ஆகும் என்பதை முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன் என்பதால் அதை வற்புறுத்த மாட்டேன்.

காரைக்குடி, உருவமைப்பாளர்

கழித்த பிறகு கன்னம் அடங்கிவிட்டது, நன்றி அண்ணே. சொல்லில்தான் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. ஆச்சி தலையைத் திருப்பும்போது கழுத்து மடிப்பைச் சீராக்க ஒரு வடிவம் வைத்திருக்கிறோம். அதை இயக்குவது கழுத்தெலும்பின் கோணம் மட்டுமே. அங்கே சேர்வதற்கு இரண்டாவது வடிவம் இல்லை. ஆங்கிலத்தில் அதையும் கரெக்டிவ் என்றே சொல்கிறார்கள். அதைச் சந்தி என்று எப்படி அழைப்பது?

பள்ளத்தூர், முக அசைவுப் பணியாளர்

அதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. ஆசிரியரின் ‘திருத்த வடிவம்’ இரண்டுக்கும் பொதுப்பெயராகவும், ‘சந்தி வடிவம்’ அதில் ஒரு வகையாகவும் இருக்கலாம். கழுத்து வகைக்கு ‘கோணத் திருத்தம்’ எனலாமா என்று தயங்குகிறேன்; முழங்கை, தோள் செய்பவர்கள் யாராவது சொல்லட்டும்.