உசிலம்பட்டி சரி, திண்டுக்கல் மட்டும் தப்பு: ஹாவர்சைன் ஷீட் அனுபவங்கள்

வைகைக்கரை

மதுரையில் ஒரு விதை விநியோகக் கடைக்குக் கணக்கு பார்க்கிறேன். ஊர் ஊராகப் போய் வரும் பையன்களின் பயணப்படியைச் சரிபார்க்க, அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துத் தூரம் சொல்லும் ஹாவர்சைன் சூத்திரம் போட்ட எக்செல் ஷீட் ஒன்று கைமாறி வந்தது. இரண்டாவது வரி எங்கள் கிடங்கு, அதற்குக் கீழே கடைகள்.

```
=2*6371*ASIN(SQRT(SIN(RADIANS(B3-$B$2)/2)^2
+COS(RADIANS($B$2))*COS(RADIANS(B3))
*SIN(RADIANS(C3-$C$2)/2)^2))
```

உசிலம்பட்டிக்கு 36.7 கி.மீ. வருகிறது, நம்பும்படி இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு 19.5 என்கிறது! அந்தப் பையன் என்னிடம் வந்து நிற்கிறான். அடைப்புக்குறி, RADIANS எல்லாம் பார்த்துவிட்டேன். ஒரே சூத்திரம் ஒரு ஊருக்குச் சரியாகவும் இன்னொரு ஊருக்குத் தப்பாகவும் வருமா? யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

மேலூர் ரோடு

இது நேர்க்கோட்டுத் தூரம்தானே சார். ரோடு வளைந்து வளைந்து போகும், அதனால்தான் குறைகிறது. எங்கள் லாரி கணக்கில் நாங்கள் ஒன்றேகால் மடங்கு பெருக்கிக்கொள்வோம், சரியாக வரும்.

பழைய சர்வேயர்

ரோடு வளைவதால் 60 சொச்சம் 50 ஆகலாம் தம்பி, 19 ஆகாது. வைகைக்கரை, உங்கள் B பத்தியில் 78, C பத்தியில் 9 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு கல்லூரிப் பையன் KML கோப்பிலிருந்து புள்ளிகளை எடுத்து வந்தபோது இதையேதான் பார்த்தேன். கூகுள் மேப்பில் காப்பி எடுத்தால் அட்சரேகை முதலில் வரும். KML-இல் தீர்க்கரேகை முதலில். இந்தச் சூத்திரத்துக்கோ B-யில் அட்சரேகை வேண்டும்.

மதுரையை 9.92, 78.12 என்றும் திண்டுக்கல்லை 10.36, 77.97 என்றும் வையுங்கள். வடக்கே 0.44 பாகை, ஏறக்குறைய 49 கி.மீ. மேற்கே 0.15 பாகை, 16 கி.மீ. சூத்திரம் 51.6 தரும். பத்திகள் மாறினால், நாம் 78-ஆம் அட்சரேகையில், வட துருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே இருப்பதாக ஷீட் எடுத்துக்கொள்ளும். அங்கே தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால், நமது வடக்கு தெற்குத் தூரம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 49 போய் 10 ஆகிவிடும். மேற்குப் பங்கோடு சேர்த்து மூலைவிட்டமாக 19.5.

உசிலம்பட்டி (9.96, 77.79) கிட்டத்தட்ட நேர் மேற்கு. அந்தத் திசையில் பாதிப்பு ஏறக்குறைய ஒன்றரை சதவீதம்தான். சரியான விடை 36.4, உங்களுக்கு 36.7 வந்திருக்கிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு வரி மாறியிருந்தால் ஆயிரக்கணக்கில் கி.மீ. காட்டி உடனே பிடிபட்டிருக்கும். மொத்தக் கோப்பும் மாறினால் சத்தமே இருக்காது. ஆகவே சோதிக்கிற ஊர் நேர் வடக்கிலோ நேர் தெற்கிலோ இருக்க வேண்டும்.

செல்லூர் தறி

அதோடு 6371-ஐயும் மாற்றுங்க. நாம பூமத்திய ரேகைக்குப் பக்கம், ஆரம் 6378 போட்டாதான் துல்லியம்.

பழைய சர்வேயர்

கிழக்கு மேற்காகப் போனால் நீங்கள் சொல்வது சரி. வடக்கு தெற்காகப் போனால் நேர்மாறு. பூமி துருவத்தில் தட்டையாக இருப்பதால், நம் பக்கத்தில் ஒரு பாகை அட்சரேகை 110.6 கி.மீ.தான். 6371 போட்டாலே 111.2 என்று கூடுதலாக வருகிறது, 6378 இன்னும் கூட்டும். பயணப்படிக்கு இந்த அரை சதவீதம் பொருட்டே இல்லை, 6371 இருக்கட்டும்.

ஆரப்பாளையம் அம்மா

என் மகளைப் பள்ளியில் சேர்க்க வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் சூத்திரத்தில் போட்டால் 0.8 வருகிறது. ஆனால் நடுவில் வைகை. பாலம் சுற்றினால் ரெண்டு கிலோமீட்டர். எதை எடுத்துக்கொள்வார்கள்?

மேலூர் ரோடு

என் அண்ணன் மகனுக்கு மேப்பில் நேர்க்கோடு போட்டுத்தான் பார்த்தார்கள் அக்கா.

ஆரப்பாளையம் அம்மா

எங்களிடம் நடக்கிற வழியைக் கேட்டார்களே தம்பி.

வைகைக்கரை

ஐயா, பார்த்துவிட்டேன். B முழுக்க 78, 77தான். பத்திகளை மாற்றியதும் திண்டுக்கல் 51.6 வந்துவிட்டது. அந்தப் பையனுக்குப் பாக்கியைப் போட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இனி வருகிற கோப்புகளுக்கு ஓரத்தில் `=B3>C3` போட்டு வைத்திருக்கிறேன், TRUE வந்தால் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டுக்குள் இது போதும்தானே?

இன்னொரு கோப்பில் பத்திகள் ஒழுங்காக இருந்தும் மதுரைக்குள் இருக்கும் கடை 9.55 என்று கிடக்கிறது. தெற்கே 40 கி.மீ. தள்ளிக் காட்டுகிறது.

பழைய சர்வேயர்

தமிழ்நாட்டுக்குள் போதும். அந்த 9.55, 9 பாகை 55 கலையைப் புள்ளி வைத்து எழுதியதாக இருக்கலாம். 55-ஐ 60-ஆல் வகுத்தால் 9.917, மதுரைதான். புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் இரண்டு இலக்கம் அந்தக் கோப்பில் எங்காவது 60-ஐத் தொடுகிறதா பாருங்கள். ஒரு வரியில்கூடத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் கோப்பு முழுக்கக் கலைதான். சில வரிகளில் மட்டும் தாண்டினால் இரண்டும் கலந்து கிடக்கிறது. அப்போது ஒவ்வொரு கடையையும் மேப்பில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.